ஒரு கையேடு, ஒரு சொற்பட்டியல்: பயனர் கையேட்டு மொழிபெயர்ப்பில் சொல்லொருமையின் வரலாறு

1. சிக்கலின் இயல்பு

பயனர் கையேடு தொடக்கம் முதல் இறுதிவரை வரிசையாகப் படிக்கப்படும் நூலன்று. பயனர் ஏதேனும் ஓர் இடர்ப்பாடு நேரும்போது அதனை நாடுகிறார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். தம் வினாவுக்குரிய விடை கிடைத்தவுடன் மூடிவிடுகிறார். ஆகவே, முந்தைய இயலில் ஒரு பொருளுக்கு என்ன பெயர் வழங்கப்பட்டது என்பதை அவர் அறிந்திருப்பார் என மொழிபெயர்ப்பாளர் கொள்வதற்கில்லை. ஒரு பக்கத்தில் 'அடைவு' என்றும் மற்றொரு பக்கத்தில் 'கோப்புறை' என்றும் எழுதப்பட்டிருப்பின், அவை இரு வேறு பொருள்கள் என்றே அவர் கருதுவார். கருதுவதோடு நில்லாமல், திரையில் இல்லாத ஒன்றைத் தேடவும் செய்வார்.

தொல்காப்பியம் திரிசொல்லை இரு வகையாகப் பகுக்கிறது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒரு வகை. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. செய்யுளுக்கு உரியனவாகச் சொல்லப்பட்ட இவ்விரு வகைகளும் கையேட்டில் இரு வகைப் பிழைகளாகின்றன. சொல்லொருமை என்பது இவ்விரண்டையும் விலக்குவதாகும். ஒரு பக்கத்தில் இதனை விலக்குவது எளிது. பல மொழிபெயர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாக, மூலம் மாறிக்கொண்டே இருக்கும் நிலையில், பல நூறு பக்கங்களை மொழிபெயர்க்கும்போது இது தனியொரு துறையாகவே வளர்ந்துவிடுகிறது.

இக்கட்டுரை அத்துறையின் வரலாற்றில் நிகழ்ந்த ஒரு திருப்பத்தை ஆராய்கிறது. சொற்பட்டியலின் அடிப்படை அலகாகத் தொடக்கத்தில் கருத்து இருந்தது. கணினி மென்பொருள் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தை எழுத்துத்தொடர் பிடித்தது. இம்மாற்றம் கையேட்டு மொழிபெயர்ப்பில் எத்தகைய பிழைகளுக்கு இடமளித்தது என்பதும், தமிழின் உருபனியல் அப்பிழைகளைக் கண்டறிவதை எவ்வாறு கடினமாக்குகிறது என்பதும் ஓர் எடுத்துக்காட்டின் வழி இங்கு விளக்கப்படுகின்றன.

2. கருத்தை அலகாகக் கொண்ட காலம்

கலைச்சொல்லியலின் முன்னோடியாகக் கருதப்படும் ஆஸ்திரியப் பொறியியலாளர் ஒய்கன் வ்யூஸ்டர் 1931இல் தொழில்நுட்பத் துறையில் பன்னாட்டு மொழித்தரப்பாடு குறித்த தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு துறையில் ஒரு கருத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்பது அவருடைய நெறியின் சாரமாகும். 1968இல் அவர் வெளியிட்ட பொறிக்கருவிகள் பற்றிய அகராதி இந்நெறியைச் செயலில் காட்டியது. அதில் பதிவுகள் அகரவரிசையில் அமையவில்லை. கருத்துகளின் உறவுமுறைப்படி அடுக்கப்பட்டு எண்ணிடப்பட்டிருந்தன. ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் ஒன்றற்கு ஒன்று நிகராக நிற்கவில்லை. இரண்டும் எண்ணிடப்பட்ட ஒரே கருத்தின்கீழ் நின்றன. ஒரு மொழியில் சொல் மாறினாலும் கருத்தின் எண் மாறுவதில்லை.

இதே நோக்கம் மூலமொழியின்மீதும் செலுத்தப்பட்டது. வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பிய வானூர்தித் தொழிலமைப்பு 1986இல் எளிய ஆங்கில வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளில், ஒரு சொல்வகையில் மட்டுமே ஆளப்பட வேண்டும். 'எண்ணெய்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராக ஆளலாம்; 'எண்ணெயிடு' என்னும் வினையாக ஆளலாகாது. மூலத்திலேயே சொல்லொருமை காக்கப்படுமானால் மொழிபெயர்ப்பாளரின் சுமை பாதியாகக் குறைகிறது. மூலத்தில் இருவேறு சொற்கள் காணப்பட்டால் அவை இருவேறு பொருள்களே என அவர் உறுதியாக நம்பலாம்.

இந்தியாவில் 1961இல் நிறுவப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் துறைவாரியாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு வந்துள்ளது. ஆங்கிலத் தலைச்சொல்லும் அதற்கு நிகரான இந்திய மொழிச் சொல்லும் எதிரெதிரே நிற்கும் அமைப்பே இத்தகைய தொகுதிகளில் பரவலாகக் காணப்படுவது. பாடநூல் ஆசிரியருக்கு இது போதுமானதாகலாம். துறை அறிந்தவர் என்பதால் ஆங்கிலச் சொல்லின் எப்பொருள் இங்கு வேண்டப்படுகிறது என்பதை அவரே தெளிந்துகொள்வார். கையேட்டை மொழிபெயர்க்கும் குழுவில் அனைவரும் அவ்வாறு தெளிவர் எனக் கொள்ள இயலாது.

3. எழுத்துத்தொடர் திறவுகோலான வரலாறு

மென்பொருளின் திரைச்செய்திகளை நிரலிலிருந்து பிரித்தெடுத்து மொழிபெயர்க்கும் கெட்டெக்ஸ்ட் முறை 1990களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாயிற்று. அதன் குனு வடிவம் 1995இல் வெளிவந்தது. கட்டற்ற மென்பொருள்களின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இம்முறையிலேயே நடைபெற்று வருகிறது. இதன் அமைப்பு மிக எளியது. ஆங்கிலத்தொடர் ஒரு வரியிலும் அதன் மொழிபெயர்ப்பு அடுத்த வரியிலும் இடம்பெறும்.

```
msgid "Save"
msgstr "சேமி"
```

இங்கு மொழிபெயர்ப்பைக் கண்டடையும் திறவுகோல் ஆங்கில எழுத்துத்தொடரே ஆகும். வ்யூஸ்டரின் அகராதியில் கருத்தின் எண் நின்ற இடத்தில் இப்போது ஒரு மொழியின் சொல்வடிவம் நிற்கிறது. இதனால் ஒரு நன்மை விளைந்தது. ஒரே தொடர் நூறு இடங்களில் வந்தாலும் ஒருமுறை மொழிபெயர்த்தால் போதும். நூறு இடங்களிலும் ஒரே சொல் தோன்றும். அதனோடு ஒரு கேடும் வந்தது. ஒரே ஆங்கிலத்தொடர் இரு பொருளில் வந்தாலும் ஒரே மொழிபெயர்ப்பையே பெற வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கும் நிலையைக் குறிக்கும் பெயரடைக்கும் வடிவம் ஒன்றாக இருக்கக்கூடும். தமிழில் 'திற' என்பதும் 'திறந்துள்ளது' என்பதும் ஒன்றாக மாட்டா. இக்குறையைக் களைவதற்காக, திறவுகோலுடன் சூழலையும் சேர்க்கும் வசதி 2006இல் குனு கெட்டெக்ஸ்டில் இணைக்கப்பட்டது.

```
msgctxt "verb"
msgid "Open"
msgstr "திற"

msgctxt "state"
msgid "Open"
msgstr "திறந்துள்ளது"
```

இவையெல்லாம் திரைச்செய்திகளுக்குப் பொருந்துவன. அதே கோப்பமைப்பு பின்னர்க் கையேடுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. ஆவணங்களைப் பத்திகளாகப் பிரித்து இவ்வமைப்பில் தரும் po4a போன்ற கருவிகள் இதற்குத் துணைநின்றன. இங்குதான் சிக்கல் தோன்றுகிறது. திரைச்செய்தியில் திறவுகோல் பெரும்பாலும் ஒரு கலைச்சொல். கையேட்டிலோ அது ஒரு முழுப் பத்தி. ஒரே பத்தி கையேட்டில் மீண்டும் வருவது அரிது. ஆகவே ஒரே தொடருக்கு ஒரே மொழிபெயர்ப்பு என்னும் காப்பு கையேட்டில் செயலற்றுப் போகிறது. கலைச்சொல் பத்திக்குள் புதைந்துவிடுகிறது. அதனைத் தனியே நோக்கும் கண் கருவிக்கு இல்லை. கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் திரையின் சொற்கள் ஓரளவு ஒருமையுடன் இருக்க, கையேட்டின் சொற்கள் சிதறிக் கிடப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

இந்திய மொழிகளில் மென்பொருள் மொழிபெயர்ப்பில் அடிக்கடி வரும் சொற்களை மதிப்பிட்டு ஒருமைப்படுத்தும் ஃப்யூயல் என்னும் முயற்சி 2008இல் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர்களும் மொழியறிஞர்களும் கூடி, திரையில் மிகுதியாக இடம்பெறும் சில நூறு பதிவுகளுக்குரிய சொற்களை முடிவு செய்தனர். எந்தச் சொல் வேண்டும் என்னும் வினாவுக்கு இது விடை தந்தது. அச்சொல் பல்லாயிரம் தொடர்களுக்குள் உண்மையிலேயே ஆளப்பட்டுள்ளதா என்பது வேறொரு வினா. அதற்கான விடையைப் பட்டியலில் காண முடியாது. கையேட்டுக்குள் தேடியே காண வேண்டும்.

4. எடுத்துக்காட்டு: அடைவும் கோப்புறையும்

கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் இரு பெயர்கள் உண்டு. 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளத்திலும் அதன்பின் யூனிக்ஸிலும் அது 'டைரக்டரி' எனப்பட்டது. பெயரைக் கொண்டு இடத்தைக் காட்டும் பட்டியல் என்பது அதன் உட்கருத்து. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி அலுவலக மேசையைத் திரையில் உருவகப்படுத்தியபோது, தாள்களை இட்டுவைக்கும் உறையின் படத்தையும் அதற்கான 'ஃபோல்டர்' என்னும் பெயரையும் கையாண்டது. 1984இல் மெக்கின்டாஷ் அதனைப் பரப்பியது. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தன் திரைகளில் 'டைரக்டரி' என்பதை விடுத்து 'ஃபோல்டர்' என்பதற்கு மாறியது. தமிழில் முன்னதற்கு 'அடைவு' என்பதும் பின்னதற்கு 'கோப்புறை' என்பதும் வழங்கலாயின. 'ஃபோல்டர்' என்பதையும் 'அடைவு' என்றே குறித்தவர்களும் உண்டு.

இரு சொற்களும் ஒரே கையேட்டில் வரும்போது நேர்வதைக் காட்ட, விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட மூன்று பதிவுகளைக் காணலாம். மூன்றும் வெவ்வேறு இயல்களில், வெவ்வேறு மொழிபெயர்ப்பாளரால் தமிழாக்கப்பட்டவை எனக் கொள்க.

```
msgid "Open the folder where you saved the file."
msgstr "கோப்பைச் சேமித்த அடைவைத் திறக்கவும்."

msgid "Type the path of the directory."
msgstr "அடைவின் பாதையைத் தட்டச்சிடவும்."

msgid "Select <gui>New Folder</gui> from the menu."
msgstr "பட்டியில் <gui>புதிய கோப்புறை</gui> என்பதைத் தேர்ந்தெடுக்கவும்."
```

தனித்தனியே நோக்கினால் மூன்றிலும் பிழையில்லை. சேர்த்து நோக்கும்போது, முதற்பதிவின் அடைவும் மூன்றாம் பதிவின் கோப்புறையும் ஒன்றே என்பதை அறியப் பயனருக்கு வழியில்லை. பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் கருவியும் இதனைக் காட்டாது. மூன்று திறவுகோல்களும் வேறுவேறானவை.

இங்கு முதலில் எழ வேண்டிய வினா, இரு ஆங்கிலச் சொற்களும் ஒரு கருத்தா, இரு கருத்தா என்பதாகும். சொற்களைப் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. பொருளைப் பார்த்தே கூற வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளத்தில் கோப்பு மேலாளியில் உறையின் படமாகத் தோன்றுவதும் கட்டளை வரியில் பெயராகத் தோன்றுவதும் ஒரே பொருள். விண்டோஸில் நிலைமை சற்று வேறானது. அங்கு உறைபோல் திரையில் காட்டப்படுபவை அனைத்தும் வட்டில் உள்ள டைரக்டரிகள் அல்ல. கட்டுப்பாட்டுப் பலகம் போன்றவையும் உறையாகவே காட்டப்பட்டன. எனவே, ஒரு கையேட்டுக்குச் சரியான முடிவு மற்றொன்றுக்குச் சரியாக வேண்டியதில்லை.

எடுத்துக்கொண்ட கையேடு யூனிக்ஸ் வழிவந்த ஒன்று எனக் கொண்டால் இரு தீர்வுகள் இயலும். ஒன்று, இரண்டையும் 'கோப்புறை' என்றே மொழிபெயர்ப்பது. மற்றொன்று, வரைகலைத் திரையைப் பற்றிய இயல்களில் 'கோப்புறை' என்றும் கட்டளை வரியைப் பற்றிய இயலில் 'அடைவு' என்றும் ஆண்டு, இரண்டும் ஒன்றே என்பதை அவ்வியலின் தொடக்கத்தில் ஒரு தொடரால் அறிவிப்பது. mkdir முதலான கட்டளைப் பெயர்களுக்குள் பழைய சொல்லின் சுருக்கம் நிலைத்திருப்பதால், கட்டளை வரியைக் கற்பவருக்கு இரண்டாம் தீர்வு உதவக்கூடும். எத்தீர்வைக் கொண்டாலும், அது சொற்பட்டியலில் எழுதப்பட வேண்டியது ஆங்கிலச் சொல்லின்கீழ் அன்று. 'கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்' என்னும் கருத்தின்கீழ் ஆகும். இரு ஆங்கிலச் சொற்களும் இரு தமிழ்ச் சொற்களும் அவ்வொரு பதிவிலேயே, ஆளுமிடம் குறிக்கப்பட்டு நிற்க வேண்டும். அகரவரிசைப் பட்டியலில் இவை வெவ்வேறு பக்கங்களில் பிரிந்துவிடுவதே குழப்பத்தின் தோற்றுவாய்.

மூன்றாம் பதிவு வேறொரு நெறியைக் காட்டுகிறது. அதில் 'புதிய கோப்புறை' என்பது கையேட்டின் சொல்லன்று, திரையின் சொல். திரையில் எவ்வாறுள்ளதோ அவ்வாறே அது கையேட்டில் வர வேண்டும். திரையைத் தமிழாக்கியவர்கள் 'புதிய அடைவு' என எழுதியிருப்பின், கையேட்டின் சொற்பட்டியல் எதனைச் சொன்னாலும் அவ்விடத்தில் 'புதிய அடைவு' என்றே எழுத நேரும். அது தகாது எனத் தோன்றினால் முதலில் திரையைத் திருத்தி, பின்னரே கையேட்டைத் திருத்த வேண்டும். வரிசை மாறினால், திருத்தப்பட்ட கையேடு திருத்தப்படாத திரைக்கு வழிகாட்டும் நிலை உண்டாகும்.

திரைச்சொல் வேற்றுமை ஏற்கும்போது வடிவம் மாறுவது தமிழில் கூடுதல் இடர். 'புதிய கோப்புறையைத் தேர்ந்தெடுக்கவும்' என எழுதினால், பட்டியில் உள்ள கட்டளை எது, முன்னரே உள்ள ஒரு கோப்புறை எது எனத் தெரியாது போகும். 'என்பதை', 'என்னும்' ஆகிய சொற்கள் இங்கு உதவுகின்றன. வேற்றுமை உருபை அவை தாங்கிக்கொள்வதால் திரைச்சொல் உறைந்த வடிவிலேயே நிற்கிறது. இவ்வாறு எழுதப்பட்ட கையேட்டில், அடையாளக் குறிகளுக்குள் உள்ள சொற்களைத் திரைக்கோப்புடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

5. தேடலும் உருபனியலும்

கருத்தின்கீழ் முடிவெடுத்த பின்னர், அம்முடிவு கையேடு முழுதும் பின்பற்றப்பட்டுள்ளதா என அறிய வேண்டும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பெரும்பாலும் இரு வடிவங்களே உள்ளன. தமிழில் வேற்றுமையும் பன்மையும் இடைச்சொற்களும் புணர்ச்சியும் கூடி ஒரு கலைச்சொல்லைப் பல வடிவங்களில் காட்டுகின்றன. எல்லாச் சொற்களும் இதில் ஒரே தன்மையன அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

'கோப்புறை' ஐகார ஈற்றுச் சொல். உயிர்முதல் உருபு சேரும்போது யகர உடம்படுமெய் தோன்றுகிறதேயன்றிச் சொல் சிதைவதில்லை: கோப்புறையை, கோப்புறையில், கோப்புறைக்கு, கோப்புறைகள். எனவே முழுச்சொல்லைக் கொண்டே எல்லா வடிவங்களையும் தேடிவிடலாம். 'சாளரம்' போன்ற மகர ஈற்றுச் சொல்லில் ஈறு கெட்டு அத்துச்சாரியை வருவதால், 'சாளர' என்பதே தேடுதற்குரிய வடிவம்.

'அடைவு' மிகுந்த இடர் தருவது. உகரம் கெட்டு அடைவை, அடைவில், அடைவின் என வருவதால் முழுச்சொல்லைத் தேடினால் இவை அகப்படா. உகரக் குறியை நீக்கி 'அடைவ' எனத் தேடினால் இவை அகப்படும். ஒருங்குறியில் உயிர்க்குறி தனிக்குறியாக நிற்பதால் 'வு', 'வை', 'வி' மூன்றுக்கும் வகரம் பொதுவாகிறது. ஆயின் அத்துடன் 'அடைவதற்கு', 'அடைவர்' போன்ற வினையடிச் சொற்களும் வந்து குவியும். மேலும், சுட்டோடு புணரும்போது 'இவ்வடைவு' என முதலெழுத்தே மறைந்துவிடுவதால், அத்தகைய இடங்கள் இத்தேடலுக்குத் தப்பிவிடும். 'இக்கோப்புறை' என்பதில் இக்குறை இல்லை. வல்லினம் மிகுகிறதேயன்றிச் சொல்லின் முதலெழுத்து அழியவில்லை.

'கோப்பு' என்னும் சொல்லில் வேறிரண்டு தடைகள் உள்ளன. அதனைத் தேடினால் 'கோப்புறை' அனைத்தும் உடன் வரும். இரண்டாம் வேற்றுமையில் 'கோப்பை' என்றாகி, பரிசாக வழங்கப்படும் கோப்பையோடு வடிவம் ஒன்றிவிடும். இதன் பொருட்டே 'கோப்பினை' எனச் சாரியையோடு எழுதுவதைச் சிலர் விரும்புவர். அவ்வாறாயின் அதுவும் கையேடு முழுதும் ஒரே நெறியாக இருத்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தடையும் உண்டு. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒருங்குறியில் U+0BCB என்னும் ஒரே குறியாகவும் எழுதலாம். U+0BC7, U+0BBE என்னும் இரு குறிகளை அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்; தேடும் கருவிக்கு அவை வேறுவேறு. பழைய குறியேற்றங்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இது நேரக்கூடும். தேடலுக்கு முன் கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிக்கொள்ளாவிடில், 'கோப்புறை' என்று சரியாக எழுதப்பட்ட பதிவுகளே பிழையாகச் சுட்டப்படும். பிழையில்லாத பதிவுகள் பல ஒரே மொழிபெயர்ப்பாளரின் இயலிலிருந்து திரளாக வந்தால், காரணம் இதுவாக இருக்கலாம் என ஐயுறுதல் தகும்.

இவற்றைக் கருத்திற்கொண்டு, சொற்பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் தமிழ்ச்சொல்லோடு அதன் தேடுவடிவத்தையும் விலக்கப்பட்ட சொல்லையும் குறித்துவைப்பது பயன்தரும். அதன்பின் சோதனை எளிதாகிறது. ஆங்கிலத்தில் குறிப்பிட்ட சொல் இருந்தும் தமிழில் அதற்குரிய சொல் இல்லாத பதிவுகளைப் பின்வரும் கட்டளை பிரித்துத் தரும்.

```
msggrep -K -i -e folder ta.po | msggrep -v -T -e கோப்புறை
```

மேற்காட்டிய மூன்று பதிவுகளில் இது முதற்பதிவை மட்டும் வெளிக்கொணரும். இரண்டாவதில் அந்த ஆங்கிலச் சொல் இல்லை. மூன்றாவதில் உரிய தமிழ்ச் சொல் உள்ளது. இக்கட்டளை தருவது பிழைகளின் பட்டியலன்று. பார்வையிட வேண்டிய பதிவுகளின் பட்டியலே. ஆங்கிலம் பெயரை மீண்டும் மீண்டும் கூறும் இடத்தில் தமிழ் 'அதனுள்' எனச் சுட்டி அமையலாம். அது பிழையாகாது, அவ்விடத்தில் பெயரை வலிந்து புகுத்துவதே பிழை. மறுதலையாக, ஒரு பத்தியில் இருமுறை வரும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை 'கோப்புறை' என்றும் மறுமுறை 'அடைவு' என்றும் எழுதியிருந்தால் இக்கட்டளை அதனைக் காட்டாது. விலக்கப்பட்ட சொல்லைத் தனியே தேடினால்தான் அது வெளிப்படும்.

6. சொற்பட்டியல் மாறும்போது

நீண்ட கையேட்டின் பணி முடிவதற்குள் சொற்பட்டியலே மாறுவதுண்டு. இத்தகைய மாற்றத்தைக் கெட்டெக்ஸ்ட் முறை அறிவதில்லை. மூல ஆங்கிலத்தொடர் மாறினால் msgmerge அதற்கு நெருங்கிய பழைய பதிவைக் கண்டு, அதன்மீது `fuzzy` என்னும் ஐயக்குறியை இடும். மொழிபெயர்ப்பாளர் அதனை மீண்டும் பார்ப்பார். ஆங்கிலம் மாறாமல் தமிழ்ச்சொல் பற்றிய முடிவு மட்டும் மாறினால், எந்தக் குறியும் தோன்றாது. பழைய சொல்லைத் தாங்கிய பதிவுகள் முடிவுற்றவை எனவே கணக்கிடப்படும். கையேட்டின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மூலத்தில் மாறிய பத்திகள் புதிய சொல்லையும், மாறாத பத்திகள் பழைய சொல்லையும் பெறும். ஆகவே, ஒரு பக்கத்துக்குள்ளேயே, சில வேளைகளில் அடுத்தடுத்த இரு தொடர்களிலேயே, இரு சொற்கள் கலந்து நிற்கக் காணலாம். மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவாகத் தோன்றும் இக்கலப்பு, உண்மையில் மூலநூலின் திருத்த வரலாறு மொழிபெயர்ப்பில் பதிந்த சுவடாகும்.

'அடைவு' என்பதைக் 'கோப்புறை' எனக் கண்மூடித்தனமாக மாற்றீடு செய்வது இதற்குத் தீர்வாகாது. 'அடைவுகள்', 'அடைவுக்கு' ஆகியவை சரியாக மாறும், 'அடைவை', 'அடைவில்' மாறாமல் எஞ்சும், 'இவ்வடைவு' தப்பிப்போகும். பழுது முன்னிலும் மிகும். மாற்றத்துக்கு முன் ஓர் இயலுக்குள்ளாவது இருந்த ஒருமையும் குலையும். உரிய பதிவுகளைத் தேடிப் பிரித்து, அவற்றின்மீது ஐயக்குறியை வேண்டுமென்றே இட்டு, ஒவ்வொன்றையும் மனிதர் பார்த்துத் திருத்துவதே நம்பத்தக்க வழி.

அவ்வழியிலும் ஓர் எல்லை உண்டு. ஐயக்குறியுள்ள பதிவு வெளியீட்டில் இடம்பெறாது. அதன் இடத்தில் ஆங்கிலமே தோன்றும். மொழிபெயர்க்கப்பட்ட பகுதி 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் po4a இயல்பான அமைப்பில் அவ்வாவணத்தின் மொழிபெயர்ப்பையே உருவாக்காது விடும். ஒரு பொதுச்சொல்லுக்காகப் பல நூறு பதிவுகளில் ஒரே நாளில் குறியிட்டால், சொல்லொருமையைத் தேடிய முயற்சி கையேட்டையே பயனரிடமிருந்து மறைத்துவிடும். எனவே இயல் இயலாகக் குறியிட்டு, ஓர் இயல் முடிந்தபின் அடுத்ததைத் தொடுவது ஏற்றது. இரு வெளியீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இயல்களுக்கிடையே சொல் வேறுபட்டிருக்கும். ஓர் இயலுக்குள் வேறுபடாது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறக்கும் பயனருக்கு இரண்டாவது பிழையைவிட முதலாவது பெரிதும் தீங்கு குறைந்தது.

7. முடிவுரை

கலைச்சொற்றரவுகளைப் பரிமாறிக்கொள்வதற்காக 2008இல் வெளியிடப்பட்ட ஐஎஸ்ஓ 30042 என்னும் தரம், பதிவின் அலகாக மீண்டும் கருத்தையே கொண்டது. ஒரு கருத்தின்கீழ் மொழிகள், ஒவ்வொரு மொழியின்கீழும் சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் அது விரும்பத்தக்கதா விலக்கத்தக்கதா என்னும் குறிப்பு என்பது அதன் கட்டமைப்பு. எழுத்துத்தொடரைத் திறவுகோலாகக் கொண்ட கோப்புகள் வழக்கொழியவில்லை. அவற்றின் எளிமை காரணமாக இன்றும் தொடர்கின்றன. எனவே கருத்தின்படி அமைந்த சொற்பட்டியலும் தொடரின்படி அமைந்த கையேட்டுக் கோப்பும் அருகருகே இயங்குகின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் ஒவ்வொரு மொழியின் உருபனியலுக்கேற்ப அமைய வேண்டியது.

தமிழில் மேற்கண்ட எடுத்துக்காட்டுக்குரிய பதிவு பின்வருமாறு அமையலாம். கருத்து: கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம். வரைகலை இயல்களில் சொல்: கோப்புறை; தேடுவடிவம்: கோப்புறை. கட்டளை வரி இயலில் சொல்: அடைவு, தேடுவடிவங்கள்: அடைவ, வ்வடைவ, விலக்கிப் பார்க்க வேண்டியவை: அடைவது, அடைவர் முதலியன. திரைச்சொல்: திரைக்கோப்பில் உள்ளவாறு, 'என்பதை' சேர்த்து. முடிவு செய்த நாளும் கையேட்டின் பதிப்பும் இறுதியில் குறிக்கப்பட வேண்டும். நாள் குறிக்கப்படாத பதிவு மாறும்போது, அதற்கு முன் மொழிபெயர்க்கப்பட்ட பத்திகள் எவை என்பதை அறிய வேறு வழியில்லை.